நனைந்த புடவைக்கு என்ன விலை போடுவது?

டர்பன் கிரே ஸ்ட்ரீட் பக்கம் (தெருவுக்குப் பெயர் மாறிப் பல வருஷம் ஆச்சு, வாயில் பழைய பெயர்தான் வருகிறது) ஒரு புடவைக் கடை, பிப்ரவரியோடு கணக்கு முடிக்கிறவர்கள். ஜனவரியில் கூரை ஒழுகி 40 பட்டுப் புடவைகளின் கரையில் கறை பிடித்துவிட்டது, ஆனால் இருப்புப் பட்டியலில் அவை ஒவ்வொன்றும் அடக்க விலையான 900 ராண்டிலேயே நின்றன. கேட்டால், "சீட்டில் 1,725 இருக்கே தம்பி, அடக்கத்தைவிட அதிகம்தானே" என்கிறார் முதலாளி அண்ணன்.

சீட்டு விலை நல்ல புடவைக்கு. கறைப் புடவை 805-க்குத்தான் போகும் என்று அவரே ஒத்துக்கொண்டார். சரி, 805-ஐ எழுதிவிடலாமா? கூடாது, அதில் 15% வாட் இருக்கிறது, அது அரசாங்கத்துப் பணம். கழித்தால் 700. அதிலிருந்து டிரை கிளீனிங் 60, விற்பவருக்கு 5% கமிஷன் 35 போனால் கையில் தேறுவது 605. இதுதான் நிகரத் தேறும் மதிப்பு. அடக்கத்தைவிடக் குறைவு என்பதால் புடவைக்கு 295, மொத்தம் 11,800 ராண்ட் இந்த வருஷமே நஷ்டத்தில் எழுத வேண்டும்.

அண்ணன் விடவில்லை. பக்கத்து அலமாரியில் 50 காட்டன் புடவை, அடக்கம் 300, செலவு போக 600 தேறும், இரண்டையும் சேர்த்தால் அடக்கம் 51,000, தேறுவது 54,200, அப்புறம் எதற்குக் குறைக்கணும் என்றார். நான் அதிகம் பார்த்த தவறு இதுதான். இன்னும் விற்காத காட்டனின் லாபத்தை வைத்துப் பட்டின் நஷ்டத்தை மறைக்கிற வேலை. சரக்கு சரக்காக ஒப்பிட்டு, அடக்கம், தேறுவது இரண்டில் எது குறைவோ அதை எடுத்தால் பட்டு 24,200, காட்டன் 15,000, ஆக 39,200.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு: ஒரு வருஷம் நகராத சரக்குக்கெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு 20% வெட்டுவது. அதே கடையில் இரண்டு வருஷமாகத் தூசி படிந்து கிடந்த பித்தளைக் குத்துவிளக்கு அடக்கத்துக்கு மேலேதான் விற்றது, அதைக் குறைக்க ஒரு காரணமும் இல்லை. நகராதது சந்தேகப்பட ஒரு காரணம், அவ்வளவுதான். கடைசியாக என்ன விலைக்குப் போனது என்று பில்லைப் பாருங்கள்.

மார்ச் மாத பில்லும் உதவும். கறைப் புடவை மார்ச்சில் 805-க்கு விற்றிருந்தால் அது பிப்ரவரி மதிப்புக்கு நல்ல சாட்சி. ஆனால் கூரையே மார்ச்சில்தான் ஒழுகியது என்றால் அந்த நஷ்டம் அடுத்த வருஷத்துக்கு.

வரிக்கும் இதே 605 செல்லும் என்று நினைத்துவிடாதீர்கள். வருமான வரிச் சட்டம் 22-ஆம் பிரிவு சேதம், ஃபேஷன் மாற்றம் போன்ற காரணங்களால் மதிப்பு குறைந்ததை ஏற்கும், ஆனால் 2018-இல் வோக்ஸ்வாகன் வழக்கில் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் நிகரத் தேறும் மதிப்பை அப்படியே எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டது, இனி வரப்போகும் விற்பனைச் செலவெல்லாம் அதில் கலந்திருக்கிறது என்பதால். அதனால் வரிக் கணக்கைத் தனியாகப் போட்டு, கறையின் போட்டோவையும் தேதியிட்ட விலைக்குறைப்புச் சீட்டையும் ஃபைலில் வைக்கச் சொன்னேன்.