டீக்கடைச் சில்லறை மிட்டாய்

யாங்கோனில் நான் வழக்கமாக டீ குடிக்கும் கடைக் கல்லாவில் புதுப் பெண் உட்கார்ந்ததிலிருந்து, மீதி 50 கியாட்டுக்குப் பதில் மிட்டாய்தான். கேட்கக் கூச்சம். சரியான சில்லறை கொண்டுபோனேன். டேப் ஒட்டிய நோட்டு என்று திருப்பிவிட்டாள். பெரிய நோட்டு நீட்டினால் மிட்டாய் கூடியது.

ஒன்று கவனித்தேன். மிட்டாயை வலக்கையால் நீட்டும்போது இடக்கை வலது முழங்கையைத் தொட்டிருக்கும், பர்மிய மரியாதை. அலட்சியம் இல்லை, நிஜமாகவே சில்லறைப் பஞ்சம்தான்.

அப்புறம் ஒருநாள் பணத்தோடு சேர்த்துவைத்த மிட்டாய்களையும் அதே மரியாதையோடு நீட்டினேன்.

“அண்ணே, இது செல்லாதே!”

“நீங்க கொடுத்ததுதானே?”

அவளிடம் நான் முதலில் பேசியது அதுதான். சிரித்துவிட்டு நோட்டுப் புத்தகத்தில் என் பேரை எழுதினாள். இப்போதெல்லாம் மீதி மறுநாள் டீயில் கழிகிறது.