பெட்டி தொலைந்த க்ளெய்ம்: புரியாத மொழிச் செயலியில் சறுக்கும் இடங்கள்

நண்பர் ஒருவரின் பெட்டி ஜூன் 3-ஆம் தேதி விமானத்தில் வரவில்லை. அவருடைய பயணக் காப்பீட்டின் செயலி முழுக்க ஜெர்மன் மொழியில் இருந்தது. அவருக்கு ஜெர்மன் தெரியாது. திரையைப் படம் எடுத்து, மொழிபெயர்த்துப் பார்த்து, 7-ஆம் தேதி படிவத்தை அனுப்பிவிட்டார். அதில் மூன்று இடங்களில் தவறு. மூன்றுமே அவசரத்தில் எவருக்கும் வரக்கூடியவைதான்.

முதலில் அவரைக் குழப்பியது Schaden என்ற சொல். அகராதி அதற்கு 'சேதம்' என்று பொருள் சொல்லும். காப்பீட்டுக்காரர்களோ இழப்பு, திருட்டு, தாமதம் என்று க்ளெய்முக்கு வழிவைக்கும் எல்லாவற்றுக்கும் அதையே பயன்படுத்துவார்கள். ஆகவே Schadendatum என்பது பெட்டி உடைந்த தேதி அல்ல. சம்பவம் நடந்த தேதி. "என் பெட்டி உடையவில்லையே" என்று யோசித்து, நண்பர் அதில் படிவம் நிரப்பிய 7-ஆம் தேதியைப் போட்டார். போட்டிருக்க வேண்டியது 3. விமான நிலையத்திலேயே, பெட்டி வரவில்லை என்று விமான நிறுவனத்தின் கவுன்ட்டரில் பதிந்து வாங்கும் புகார் அறிக்கையில் (பிஐஆர் என்பார்கள்) 3-ஆம் தேதிதானே இருக்கிறது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் கேள்வி வரும்.

அந்த அறிக்கையின் எண்ணையும் செயலி கேட்கும். பெரும்பாலும் அதில் விமான நிலையத்துக்கு மூன்று எழுத்து, நிறுவனத்துக்கு இரண்டு, பிறகு ஐந்து இலக்கம் இருக்கும். போர்டிங் பாஸோடு ஒட்டித் தரும் சீட்டில் உள்ள லக்கேஜ் டேக் எண் வேறு. ஒன்றின் இடத்தில் மற்றதைப் போடுவது சாதாரணமாக நடக்கிறது.

அடுத்தது சம்பவத்தின் வகை. தட்டினால் விரியும் பட்டியலில் Verlust, Verspätung, Beschädigung, Diebstahl என்று நான்கு இருந்தன. முறையே தொலைந்துபோதல், தாமதம், சேதம், திருட்டு. பெட்டி வரவில்லை, ஆகவே தொலைந்துவிட்டது என்று நண்பர் முதலாவதைத் தேர்ந்தார். ஆனால் நான்காவது நாளில் அது தொலைந்த பெட்டி அல்ல, தாமதமான பெட்டி. சர்வதேசப் பயணங்களுக்குப் பொருந்தும் 1999-ஆம் ஆண்டு மான்ட்ரியல் ஒப்பந்தப்படி, பெட்டி தொலைந்ததாகக் கொள்ள விமான நிறுவனமே அதை ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் வந்திருக்க வேண்டிய நாளிலிருந்து 21 நாட்கள் கடக்க வேண்டும். அதாவது ஜூன் 24 முடியும்வரை அது தாமதம்தான். பல பாலிசிகளில் தாமதத்துக்குத் தனிப் பிரிவு இருக்கும். மாற்றுத்துணி, பல்துலக்கி போன்ற அவசியச் செலவை அதில் ரசீதோடு கேட்கலாம். நண்பர் அதைக் கேட்கவே இல்லை. "தொலைந்ததற்கான விமான நிறுவனக் கடிதத்தை அனுப்பவும்" என்று மட்டும் பதில் வந்தது.

மூன்றாவதுதான் எனக்கு நிஜமாகவே பயம் தந்தது. பெட்டியில் இருந்த கோட்டின் விலையாக 240.00 என்று தட்டியிருந்தார். நமக்கு அந்தப் புள்ளி தசமப் புள்ளி. ஜெர்மன் எழுத்துமுறையில் புள்ளி ஆயிரங்களைப் பிரிக்கும், காற்புள்ளிதான் தசமம். செயலி புள்ளியை உதறிவிட்டு 24.000,00 என்று காட்டியது. ஒரு கோட்டுக்கு இருபத்து நாலாயிரம் யூரோ! அறியாமல் செய்தாலும், பார்ப்பவர் கண்ணுக்கு அது ஊதிப்பெருக்கிய க்ளெய்ம். 240,00 என்றுதான் தட்ட வேண்டும். தட்டியதும் அடுத்த கட்டத்துக்குத் தாவாமல், செயலி அதை எப்படி மாற்றிக் காட்டுகிறது என்று ஒரு நொடி பார்க்க வேண்டும்.

அதே பக்கத்தில் Kaufpreis, Zeitwert என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. முன்னது வாங்கிய விலை. பின்னது இன்றைய நிலையில் அதன் மதிப்பு. மொழிபெயர்ப்பு பின்னதை 'கால மதிப்பு' என்று காட்டியதால், ஏதோ வட்டிக் கணக்கு என்று நினைத்து அவர் அதைக் காலியாக விட்டிருந்தார். மூன்று வருடம் போட்ட கோட்டுக்கு இரண்டிலும் ஒரே தொகையை எழுதினாலும் சந்தேகம் வரும்.

விமான நிறுவனத்திடம் ஏற்கெனவே ஏதாவது பணம் கிடைத்ததா என்ற கேள்வியும் இருக்கும். கிடைத்திருந்தால் எவ்வளவு சிறிதானாலும் எழுத வேண்டும். கேட்டுவிட்டுக் காத்திருந்தால் அதையும் குறிப்புக் கட்டத்தில் சொல்லிவிடுவது நல்லது.

சரி, மொழிபெயர்த்துப் பார்ப்பதில் ஒரு நுணுக்கம். பக்கத்தை மட்டும் படம் எடுத்தால், மூடியிருக்கும் பட்டியலுக்குள் இருப்பது படத்தில் வராது. ஒவ்வொரு பட்டியலையும் விரித்துத் தனியாகப் படம் எடுங்கள். அனுப்புமுன் நிரப்பிய பக்கங்களையும் மூல மொழியிலேயே எடுத்து வையுங்கள். பின்னால் தொலைபேசியில் பேச நேர்ந்தால், எந்தக் கட்டத்தைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று காட்ட அதுதான் உதவும்.

நண்பர் புதிய க்ளெய்ம் போடவில்லை. பழைய Schadennummer-ஐ, அதாவது க்ளெய்ம் எண்ணைக் குறிப்பிட்டு, தேதியும் தொகையும் தவறு என்று உடனே எழுதினார். ஜூன் 25-ஆம் தேதி விமான நிறுவனத்திடம் கடிதம் கேட்டு, அதையும் அதே எண்ணில் சேர்த்தார்.