டிராயிங் நோட்ஸிலிருந்து பர்ச்சேஸ் லிஸ்ட்: ஒரு டேங்க் ஸ்டாண்டை வைத்துச் செய்முறை

டிராயிங்கில் மெட்டீரியல் டேபிள் இருக்கிறதே, அதை அப்படியே எக்ஸெலில் அடித்துக் கடைக்கு அனுப்பினால் போதாதா? போதாது. வாங்க வேண்டியதில் பாதி டேபிளில் இருக்கும், மீதி நோட்ஸில் இருக்கும். எத்தனை செட் என்பதும் பெரும்பாலும் நோட்ஸில்தான் இருக்கும்.

கிருஷ்ணகிரிப் பக்கத்து மாங்கூழ் ஆலை ஒன்றுக்கு ஓசூர் பட்டறையில் நாங்கள் செய்த டேங்க் ஸ்டாண்டை எடுத்துக்கொள்கிறேன். தேவையான வரிகளை மட்டும் கீழே தருகிறேன்.

```
1 LEG      L 65x65x6   1500   4
2 BEAM     L 65x65x6   1200   4
3 BASE PL  200x200x12         4
4 GUSSET   150x120x8          8
WT: 87 KG
DETAIL A: 2 BOLTS, TYP
NOTES
3. ALL BOLTS M12x40 GR 8.8 WITH 1 NUT,
   2 PLAIN + 1 SPRING WASHER
4. ANCHOR BOLTS BY CLIENT
5. 1 COAT RED OXIDE PRIMER,
   2 COATS SYN. ENAMEL
7. 6 NOS REQD (3 AS DRAWN, 3 OPP HAND)
```

படி 1: எழுத்தை வெளியே எடுப்பது

பிடிஎஃப் வந்திருந்தால் முதலில் இதை ஓட்டிப் பாருங்கள்.

```
pdftotext -layout stand.pdf notes.txt
```

ஃபைல் காலியாக வந்தால் டிராயிங்கில் இருப்பது எழுத்தல்ல, பெரும்பாலும் எழுத்து வடிவில் போட்ட கோடுகள். ஆட்டோகேடில் எஸ்எச்எக்ஸ் ஃபான்ட் போட்டிருந்தால் இப்படித்தான் ஆகும். ஓசிஆர் இருக்கிறதே என்பீர்கள். விட்டக் குறியைப் பூஜ்யமாகவும் 6-ஐ 8-ஆகவும் அது படித்து வைத்தால், அதைத் திருத்தும் நேரத்தில் கையாலேயே அடித்து முடித்துவிடலாம். பத்துப் பதினைந்து வரி நோட்ஸுக்கு நான் எப்போதும் கையால்தான் அடிக்கிறேன்.

ஷீட்டில் முதல் காலம் "எங்கிருந்து" என்று இருக்கட்டும். டேபிள் 1, நோட் 3, டீடெயில் ஏ என்று ஒவ்வொரு வரிக்கும் எழுதுங்கள். பிறகு கடைக்காரரோ முதலாளியோ "இது எதுக்கு?" என்றால் தேட வேண்டியிருக்காது.

படி 2: டேபிள் ஒரு ஸ்டாண்டுக்கா, ஆறுக்குமா?

எடையைப் போட்டால் தெரிந்துவிடும். 65×65×6 ஆங்கிள் மீட்டருக்கு 5.8 கிலோ. நாலு கால், நாலு பீம் சேர்ந்து 10.8 மீட்டர், அதாவது 62.6 கிலோ. பிளேட்டுக்கு, சதுர மீட்டர் பரப்பை மி.மீ. கனத்தாலும் 7.85-ஆலும் பெருக்க வேண்டும். பேஸ் பிளேட் நாலும் 15.1 கிலோ, கஸெட் எட்டும் 9 கிலோ. மொத்தம் 86.7. டைட்டில் பிளாக்கில் 87 என்று இருப்பதால் டேபிள் ஒரு ஸ்டாண்டுக்குத்தான். எல்லா வரியையும் ஆறால் பெருக்கலாம். டேபிளிலிருந்து நாம் போட்ட எடை டைட்டில் பிளாக்கில் உள்ளதைப் போல் ஆறு மடங்காக வந்திருந்தால் டேபிளிலேயே பெருக்கிவிட்டார்கள் என்று அர்த்தம்.

மூன்று நேர், மூன்று எதிர்க்கை என்பது ஃபிட்டருக்கு முக்கியம். வாங்குகிறவருக்கு அது வெறும் ஆறு.

படி 3: போல்ட் எண்ணுவது

நான் அதிக நேரம் உட்கார்ந்த இடம் இது. போல்ட் டேபிளிலேயே இல்லை. நோட் 3 என்ன போல்ட் என்று சொல்கிறது, எத்தனை என்று சொல்லவில்லை. டீடெயில் ஏ-வில் இரண்டு போல்ட், பக்கத்தில் `TYP`. இதே மாதிரி இணைப்பு எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் இதே அளவு என்று பொருள்.

நாலு மூலை, மூலைக்கு இரண்டு, ஆக எட்டு என்று கணக்குப் போடத் தோன்றும். ஆனால் அந்த டீடெயில் முன்பக்கப் பார்வையிலிருந்து எடுத்தது. ஒவ்வொரு மூலைக்கும் பக்கவாட்டிலிருந்தும் ஒரு பீம் வருகிறது, முன்பக்கப் படத்தில் அது தெரியாது.

அதனால் நான் மூலையை எண்ணுவதில்லை, போல்ட் எதைப் பிடிக்கிறதோ அதை எண்ணுகிறேன். ஒரு கஸெட்டுக்கு ஒரு பீம் முனை. டேபிளில் கஸெட் எட்டு, நாலு பீமுக்கு முனையும் எட்டு. இரண்டும் ஒத்துப்போகின்றன. எட்டு முனைக்கு இரண்டிரண்டாக 16 போல்ட், ஆறு ஸ்டாண்டுக்கு 96. நட் 96, ஸ்பிரிங் வாஷர் 96, பிளெய்ன் வாஷர் 192. லிஸ்டில் 100, 100, 100, 200 என்று போட்டுவிடுவேன். "போல்ட் செட்" என்று மட்டும் எழுதினால் கடையில் ஒரே ஒரு வாஷரோடு வந்து சேரும், நாலையும் தனித்தனி வரியாக எழுதுங்கள்.

நோட் 4-ல் உள்ள ஆங்கர் போல்ட்டை ஆலைக்காரர் தருவார். அதற்காக அந்த வரியை நீக்க வேண்டாம், அளவில் 0 போட்டு "கிளையன்ட் தருவது" என்று எழுதி வையுங்கள்.

படி 4: மி.மீ. அளவை லென்த்தாக மாற்றுவது

ஆங்கிள் 6 மீட்டர் லென்த்தாக வரும். ஆறு ஸ்டாண்டுக்கு 64.8 மீட்டர், ஆறால் வகுத்தால் 10.8, சரி 11 லென்த் என்று முடித்துவிடக் கூடாது.

1500-ல் நாலு துண்டு சரியாக 6000 ஆகிறது. ஆனால் பிளேடு ஒவ்வொரு வெட்டிலும் 3 மி.மீ. தின்றுவிடும், நாலாவது துண்டு குறையும். 1200-ல் ஐந்து துண்டுக்கும் இதே கதிதான். ஒரு லென்த்தில் எத்தனை முழுத் துண்டு வரும் என்பதற்கு இந்த ஃபார்முலா போதும், C2-ல் துண்டின் நீளம் மி.மீ. கணக்கில் இருக்க வேண்டும்.

```
=INT((6000+3)/(C2+3))
```

காலுக்கு 3, பீமுக்கு 4 என்று வரும். 24 காலுக்கு 8 லென்த், 24 பீமுக்கு 6 லென்த், மொத்தம் 14. இதுவும் சரியில்லை, இந்த முறை அதிகம். காலை வெட்டிய ஒவ்வொரு லென்த்திலும் மீதி 1491 மி.மீ. கிடக்கிறது, அதில் ஒரு பீம் வந்துவிடும். எட்டு பீம் அப்படிப் போக, மீதி 16 பீமுக்கு 4 லென்த். ஆக 12. எப்படி மாற்றி வெட்டினாலும் ஒரு லென்த்தில் நாலு துண்டுக்கு மேல் வராது, மொத்தத் துண்டு 48, அதனால் 12-க்குக் கீழே இறங்கவும் முடியாது.

இதற்கென்று கட்டிங் சாஃப்ட்வேர்கள் இருக்கின்றன. இரண்டு மூன்று அளவுகளுக்கு ஒரு தாளும் பேனாவும் போதும் என்பேன். அளவுகள் பத்தைத் தாண்டினால் சாஃப்ட்வேரைத் தேடுங்கள்.

பேஸ் பிளேட் 24, கஸெட் 48. இவற்றை அளவோடு வெட்டியே வாங்கலாம் என்பதால் யூனிட் "எண்ணிக்கை".

படி 5: பெயின்ட்

நோட் 5-ல் அளவே இல்லை, பரப்பிலிருந்துதான் எடுக்க வேண்டும். 65 ஆங்கிளுக்கு மீட்டருக்கு சுமார் 0.26 சதுர மீட்டர். பிளேட்டுகளின் இரு முகமும் சேர்த்தால் மொத்தம் ஏறக்குறைய 20.5 சதுர மீட்டர். டின்னில் லிட்டருக்கு 10 சதுர மீட்டர் என்று போட்டிருந்தால் ஒரு கோட் பிரைமருக்கு 2 லிட்டர், இரண்டு கோட் எனாமலுக்கு 4 லிட்டர் சொச்சம். சேதாரம் சேர்த்து பிரைமர் 3, எனாமல் 5 என்று எழுதினேன். தின்னர் தனி வரி. எனாமலின் நிறம் இந்த நோட்ஸில் இல்லை, கேட்டு வாங்கிய பிறகே லிஸ்ட்டை அனுப்புங்கள்.

பின்சேர்க்கை: தர்மபுரியிலிருந்து ஒருவர் கமென்ட்டில் கேட்டிருந்தார்: "எங்க கடையில லென்த்துக்கு விலை சொல்ல மாட்டாங்க சார், கிலோதான். நான் 64.8 மீட்டருக்கு எடை போட்டு 376 கிலோன்னு அனுப்பிட்டேன், சரிதானா?" வாங்கப்போவது 12 முழு லென்த், அதாவது 72 மீட்டர். அதற்கு 417.6 கிலோ. லிஸ்டில் "12 லென்த், சுமார் 418 கிலோ" என்று இரண்டையும் எழுதுங்கள். வே பிரிட்ஜ் சீட்டில் உள்ள எடைக்குத்தான் பில் வரும், அது கொஞ்சம் முன்பின் இருப்பது சகஜம். ஆனால் ஒரு லென்த்துக்கு 34.8 கிலோ இருக்க வேண்டிய இடத்தில் 29, 30 என்று நின்றால் வந்திருப்பது 6 மி.மீ. அல்ல, 5 மி.மீ. ஆங்கிள். லோடு இறக்குவதற்கு முன் ஒரு முனையில் வெர்னியரை வைத்துப் பாருங்கள்.