மஞ்சள் நீராட்டுக்கு வாழ்த்துப்பாட்டு எழுதுகிறீர்களா?

உடம்பை வர்ணிக்கும் வரிகளும், 'மாப்பிள்ளை எப்போ?' என்ற கேலியும் வேண்டாம். பூ, மொட்டு, கனி என்று தொடங்கினாலே பாட்டு அந்தப் பக்கம் சறுக்கிவிடும். மணையில் இருப்பது பன்னிரண்டு, பதின்மூன்று வயதுக் குழந்தை. எதிரே அப்பா, தாத்தா, தம்பி எல்லோரும் இருப்பார்கள்.

அதற்குப் பதிலாக, நலங்கில் கண்ணெதிரே நடப்பதையே எழுதுங்கள். அறுகும் எண்ணெயும் வைக்கும் அத்தை, சீர்த்தட்டோடு வரும் தாய்மாமன், ஆரத்தி என்று ஆளுக்கு ஒரு கண்ணி போதும். கும்மி மெட்டு எல்லோருக்கும் வாயில் வரும். ஒரு மாதிரி:

மஞ்சளும் நீரும் எடுத்துவந்தோம் – தாய்
மாமன் கொடுத்தபட் டேந்திவந்தோம்
அஞ்சாமல் கற்று உயர்ந்திடம்மா – எங்கள்
ஆச்சி மனம்போல வாழ்ந்திடம்மா

மஞ்சளும்–அஞ்சாமல் என்ற எதுகை இருப்பதால் தாளில்லாமலே நினைவில் நிற்கும். ஆச்சி இல்லாத வீட்டில் 'அப்பா' என்று மாற்றினாலும் மோனை கெடாது. பிள்ளைக்கு நீச்சலோ கணக்கோ பிடிக்கும் என்றால் அதற்கும் ஒரு கண்ணி வையுங்கள். நான்கைந்து கண்ணிக்கு மேல் போனால் ஈரத்தலையோடு குழந்தை நெளியும்.

அப்புறம், முதல் நாளே அவளிடம் தனியாக வாசித்துக் காட்டுங்கள். எந்த வரியில் தலை குனிகிறாளோ, அதை அடித்துவிடுங்கள்.