ஜிப் கிரேன்: டை ராட் இழுவிசையிலும் பின் எதிர்வினையிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் புதிதாகச் சேர்ந்த இரண்டு டிப்ளமோ பையன்களிடம் ஒரு சுவர் ஜிப் கிரேன் கணக்கைக் கொடுத்தேன். தனித்தனியாக உட்கார்ந்து போட்டுவிட்டு ஒரே தப்பான விடையோடு வந்தார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் கொண்டுபோய்க் கொடுத்ததும் அதே விடைதான். சைன், காஸ் மாறிப்போவது, கூட்டல் பிழை இதெல்லாம் திரும்பப் பார்த்தால் நீங்களே பிடித்துவிடுவீர்கள், அதை விட்டுவிடுகிறேன்.

கணக்கு இதுதான். படுக்கையாக நிற்கும் 4 மீட்டர் ஜிப், அதன் அடிமுனை சுவர் பிராக்கெட்டில் பின் போட்டு மாட்டியிருக்கிறது. பின்னிலிருந்து 3 மீட்டர் தள்ளி ஜிப்பில் கோத்த டை ராட், சரிவாக ஏறி, பின்னுக்கு நேர் மேலே 2.25 மீட்டர் உயரத்தில் சுவரைப் பிடிக்கிறது. ராடின் நீளம் 3.75 மீட்டர், அதனால் சைன் 0.6, காஸ் 0.8. நுனியில் 10 கிலோநியூட்டன் சுமை. ஜிப்பின் சொந்த எடை 2 கிலோநியூட்டன், நடுவில்.

எதிர்வினை ஜிப் வழியாகவே போகும் என்று நினைப்பது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். பையன்கள் போட்டது: பின் ஜிப்பைக் கிடைமட்டமாக மட்டும் தள்ளும், அப்படியென்றால் மொத்த எடை 12-ஐ ராடின் செங்குத்துக் கூறுதான் தாங்க வேண்டும், ஆகவே T × 0.6 = 12, T = 20 கிலோநியூட்டன். பார்க்கச் சுத்தமாக இருக்கிறது, ஆனால் தப்பு. வகுப்பில் முதலில் சொல்லித்தரும் ஜிப்புக்கு எடையே கிடையாது, ராடும் சுமையும் ஒரே நுனியில் இருக்கும். அங்கே எதிர்வினை உண்மையிலேயே ஜிப் வழியாகத்தான் போகும். அந்தப் பழக்கம் கையில் ஒட்டிக்கொள்கிறது. ஜிப்புக்கு எடை வந்துவிட்டாலோ, ராடும் சுமையும் வேறு வேறு இடத்தில் இருந்தாலோ, அந்த அனுமானத்தைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். பின்னில் இரண்டு கூறு, இரண்டும் தெரியாதவை, அவ்வளவுதான்.

பின்னைச் சுற்றித் திருப்புத்திறன் எடுங்கள், பின் எதிர்வினை சமன்பாட்டுக்குள்ளேயே வராது:

```
T × 0.6 × 3 = 10 × 4 + 2 × 2
1.8 T = 44
T = 24.44
```

இருபது இல்லை, இருபத்துநாலரை. அப்புறம் கிடைமட்டம்: 24.44 × 0.8 = 19.56 கிலோநியூட்டன். செங்குத்தில் ராட் மேலே இழுப்பது 14.67, கீழே இழுக்கும் எடையோ 12 மட்டும். மீதி 2.67-ஐப் பின்தான் கீழ்நோக்கி அழுத்த வேண்டும். அதாவது ஜிப் பிராக்கெட்டை மேலே தூக்கப் பார்க்கிறது! ராடைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு மீட்டரின் நுனியில் சுமை தொங்குவதால், ஜிப் ராடைத் தாங்குபுள்ளியாக வைத்து நெம்புகோல் மாதிரி வேலை செய்கிறது.

நான் மாட்டியபோது 20-க்கு ராட் தேர்ந்தெடுத்து, அதை வெட்டி மரையும் போட்டாகிவிட்டது. சீனியர் ஒன்றும் பேசவில்லை. என் வரைபடத்தில் பென்சிலால் ராடின் கோட்டை ஜிப்பைத் தாண்டிக் கீழே நீட்டினார். இரண்டு எடையையும் ஒன்றாக்கினால் அது பின்னிலிருந்து 44 ÷ 12, அதாவது 3.67 மீட்டரில் நிற்கும். அங்கே ஒரு செங்குத்துக் கோடு போட்டார். இரண்டும் ஜிப்புக்கு அரை மீட்டர் கீழே வெட்டின. "தம்பி, உன் பின் எதிர்வினையும் இந்தப் புள்ளி வழியாத்தானே போகணும்?" என்றார். பின்னிலிருந்து அந்தப் புள்ளிக்குக் கோடு இழுத்தால் கீழ்நோக்கிச் சாய்கிறது, சாய்வு 0.5 ÷ 3.67. கணக்கில் வந்த 2.67 ÷ 19.56-ம் அதேதான். அன்றிலிருந்து இந்தக் கோட்டைப் போட்டுப் பார்க்காமல் ஒரு ஜிப்பையும் நான் வெளியே அனுப்புவதில்லை.

சுமையை நுனியில் மட்டும் வைத்துப் பார்ப்பது

ஜிப்பில் டிராலி ஓடினால் பின்னின் செங்குத்து விசை திசை மாறும். அதே 10 கிலோநியூட்டன் 1 மீட்டரில் நிற்கும்போது T வெறும் 7.78, ஆனால் பின் 7.33 கிலோநியூட்டன் மேலே தாங்க வேண்டியிருக்கிறது, நுனியில் இருந்ததைவிட மூன்று மடங்குக்குக் கொஞ்சம் குறைவு, அதுவும் எதிர்த்திசையில். 3.2 மீட்டரில் அது பூஜ்யமாகி, அதைத் தாண்டியதும் கீழ்நோக்கித் திரும்புகிறது. ராடுக்கு மோசமான நிலை நுனி. பிராக்கெட் போல்ட்டுக்கோ டிராலி உள்ளே இருக்கும் நிலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நெம்பு தூரம்

ராடின் முழு T-ஐ 3 மீட்டரால் பெருக்காதீர்கள். பின்னிலிருந்து ராடின் கோட்டுக்குச் செங்கோணமாக அளக்கும் தூரம் 3 × 0.6, அதாவது 1.8 மீட்டர்.

வின்ச் ரோப்

வின்ச் சுவரில் இருந்து, ரோப் நுனிக் கப்பி மேலேறி ஜிப்பை ஒட்டியே திரும்பி வந்தால், அந்த ரோப்பின் இழுவிசையும் பின்னில் சேரும். வின்ச் ஜிப்பின் மேலேயே இருந்தால் சேராது.