போலாரிமீட்டரைக் கொண்டு சுக்ரோஸ் எதிர்மாற்றத்தின் வேக மாறிலியைக் கண்டுபிடிப்பது எப்படி?

சர்க்கரைக் கரைசலில் அமிலத்தைக் கலந்து வைத்தால் கண்ணுக்கு எந்த மாற்றமும் தெரியாது. நிறம் மாறாது, குமிழி வராது, வீழ்படிவும் இல்லை. ஆனாலும் உள்ளே ஒவ்வொரு சுக்ரோஸ் மூலக்கூறும் நீரைச் சேர்த்துக்கொண்டு குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிளந்துகொண்டிருக்கிறது. 1850இல் வில்ஹெல்மி இந்த வினையைத்தான் போலாரிமீட்டரால் பின்தொடர்ந்து, வினையின் வேகத்தை முதன்முதலாக ஒரு சமன்பாட்டில் எழுதினார். அதே சோதனையை நீங்கள் ஒரு பிற்பகலில் செய்துவிடலாம்.

சுக்ரோஸ் தள முனைவுற்ற ஒளியை வலப்புறம் திருப்பும். அதன் தற்சுழற்சி எண் +66.5°. குளுக்கோஸும் வலப்புறம்தான் திருப்பும், ஏறக்குறைய +52.7°. ஃபிரக்டோஸ் மட்டும் இடப்புறமாக, ஏறக்குறைய −92° திருப்பும். குளுக்கோஸைவிட ஃபிரக்டோஸின் இழுப்பு வலுவானது என்பதால், வினை நடக்க நடக்க சுழற்சி குறைந்து, பூஜ்யத்தைக் கடந்து, எதிர்க்குறிக்குப் போகிறது. குறி இப்படித் தலைகீழாவதால்தான் இதற்கு எதிர்மாற்றம் என்று பெயர்.

வினையில் நீரும் பங்கேற்கிறது. ஆனால் 10 சதவீதக் கரைசலில் சுக்ரோஸ் சுமார் 0.29 மோலார்தான்; நீரோ ஐம்பது மோலாருக்கு அருகில் இருக்கிறது. முழுச் சுக்ரோஸும் தீர்ந்தாலும் நீரின் அளவு ஒரு சதவீதம்கூடக் குறையாது. அமிலம் வினையூக்கி என்பதால் அதுவும் செலவாவதில்லை. ஆகவே வேகம் சுக்ரோஸின் செறிவை மட்டும் பொறுத்ததுபோல நடந்துகொள்கிறது. இதைப் போலி முதல்வகை வினை என்கிறோம்.

கரைசல்கள்

20 கிராம் சுக்ரோஸை நீரில் கரைத்து 100 மி.லி. ஆக்குங்கள். கலங்கலாக இருந்தால் வடிகட்டிவிடுங்கள். கலங்கிய கரைசலில் ஒளி சிதறி, அளவீடு எடுக்கவே முடியாது. இன்னொரு குடுவையில் 4 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் வேண்டும். கண்ணாடியும் கையுறையும் அணிந்துகொண்டே இதைக் கையாளுங்கள். இரண்டிலும் 25 மி.லி. கலக்கும்போது சுக்ரோஸ் 10 சதவீதமாகவும் அமிலம் 2 மோலாராகவும் ஆகும்.

இங்கே தொடக்கநிலையாளர்கள் தவறான இடத்தில் கவனத்தைச் செலவிடுவதைப் பார்த்திருக்கிறேன். சர்க்கரையை நான்காம் தசமம்வரை நிறுப்பார்கள்; அமிலத்தைக் குத்துமதிப்பாக நீர்ப்பார்கள். முதல்வகை வினையில் தொடக்கச் செறிவு வேக மாறிலியைத் தொடுவதே இல்லை. அமிலச் செறிவோ நேராகத் தாக்குகிறது. கவனம் அமிலத்தின் பக்கம் இருக்கட்டும்.

அதைவிடப் பெரிய விஷயம் வெப்பநிலை. 25 பாகைக்கு அருகில், ஒரு பாகை கூடினாலே வேகம் சுமார் 15 சதவீதம் ஏறுகிறது. எனவே இரு கரைசல்களையும் தனித்தனிக் குடுவைகளில் 25 பாகை நீர்த்தொட்டியில் பதினைந்து நிமிடமாவது வைத்த பிறகே கலக்க வேண்டும். நீருறை கொண்ட போலாரிமீட்டர்க் குழாய் இருந்தால் அதில் அதே தொட்டி நீரைச் சுழலவிடுங்கள். உறையில்லாத குழாயானால், இரு அளவீடுகளுக்கு இடையே அதைக் கருவியிலேயே விடாதீர்கள். சோடியம் விளக்கின் சூடு மெல்ல அதற்குள் இறங்கும்.

கருவியைப் பழகுதல்

சோடியம் விளக்கை ஏற்றிப் பத்து நிமிடம் காத்திருங்கள். 2 டெசிமீட்டர் குழாயில் நீரை நிரப்பி, காற்றுக் குமிழி இருந்தால் அதைக் குழாயின் புடைத்த பகுதிக்கு ஒதுக்குங்கள். மூடியை அளவுக்கு மீறி முறுக்க வேண்டாம். முனைக் கண்ணாடியில் இறுக்கம் ஏறினால் அதுவே ஒளியைத் திரித்துப் பொய்யான சுழற்சியைக் காட்டும்.

கண்வில்லையில் வட்டப் பரப்பு இரண்டாகவோ மூன்றாகவோ பிரிந்து தெரியும். பகுதிகள் எல்லாம் ஒரே அளவு மங்கலாகி, அவற்றுக்கிடையே உள்ள கோடு மறையும் நிலையைத்தான் தேட வேண்டும். எல்லாப் பகுதிகளும் ஒரே அளவு பிரகாசமாகத் தெரியும் இன்னொரு நிலையும் உண்டு. அங்கே சிறிய திருப்பலைக் கண்ணால் உணர முடியாது. அதை விட்டுவிடுங்கள். நீரை வைத்து ஐந்து முறை அளந்து, சராசரியைப் பூஜ்யத் திருத்தமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கலந்த பிறகு

அமிலத்தைச் சர்க்கரைக் கரைசலில் ஊற்றுங்கள். பாதி ஊற்றியபோது நிறுத்தக் கடிகாரத்தை ஓடவிடுங்கள். நன்றாகக் கலக்கி, அதே கலவையால் குழாயை ஒருமுறை அலசி, நிரப்புங்கள். மீதிக் கலவையைக் கொட்டிவிடாதீர்கள். அதில்தான் முக்கியமான வேலை காத்திருக்கிறது. அதை மூடிய குடுவையில் 50 முதல் 55 பாகை நீர்த்தொட்டியில் வைத்துவிடுங்கள்.

தொடக்கத்தில் சுழற்சி நிமிடத்துக்கு 0.6 பாகைக்கு மேல் சரிகிறது. கருவியோ 0.05 பாகைவரை காட்டும். ஆகவே, சரியாக ஐந்தாம் நிமிடத்தில் வாசிக்க வேண்டும் என்று பதறுவதில் பொருளில்லை. கோடு மறைந்த அந்த நொடியில் நேரத்தைக் குறித்துக்கொண்டு, பிறகு நிதானமாக வெர்னியரைப் படியுங்கள். நேரம் 5 நிமிடம் 20 நொடி என்று வந்தால் அப்படியே எழுதுங்கள். வரைபடத்துக்கு அது போதும்.

ஏறக்குறைய நாற்பதாம் நிமிடத்தில் சுழற்சி பூஜ்யத்தைத் தொடும். அங்கே வினை முடிந்துவிட்டதாக எண்ணி நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. பூஜ்யம் என்பது வலப்புற இழுப்பும் இடப்புற இழுப்பும் சமமான கணம் மட்டுமே. அப்போது ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுக்ரோஸ் இன்னும் பிளக்காமல் இருக்கிறது.

முடிவிலி அளவீடு

இந்தச் சோதனை முழுவதும் தொங்கிக்கொண்டிருப்பது ஒரே எண்ணில்: வினை முற்றும் முடிந்த பிறகான சுழற்சி. அதை α∞ என்று எழுதுகிறோம். எந்த நேரத்திலும் மீதமிருக்கும் சுக்ரோஸ், அந்நேரச் சுழற்சிக்கும் α∞க்கும் உள்ள வேறுபாட்டுக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது. வேறுபாடு மட்டுமே கணக்கில் வருவதால், பூஜ்யத் திருத்தத்தில் சிறு பிழை இருந்தாலும் அது தானாகவே கழிந்துபோகும். ஆனால் α∞ தவறினால் எல்லாப் புள்ளிகளும் தவறும்.

நீர்த்தொட்டியில் வைத்த மீதிக் கலவை அரை மணி நேரத்தில் முழுமையாக மாறிவிடும். அந்தச் சூட்டில் வினை பன்மடங்கு வேகமாக நடக்கிறது. 60 பாகையைத் தாண்ட விடாதீர்கள். தாண்டினால் அமிலத்தில் ஃபிரக்டோஸ் சிதைந்து கரைசல் மஞ்சளாகும். மஞ்சள் தெரிந்தால் அந்த α∞ஐ நம்ப வேண்டாம். எடுத்ததும் 25 பாகைக்குக் குளிரவிட்டே அளக்க வேண்டும், ஏனெனில் ஃபிரக்டோஸின் சுழற்சி வெப்பநிலையோடு கணிசமாக மாறுகிறது.

கணக்கு

2 மோலார் அமிலம், 25 பாகை, 2 டெசிமீட்டர் குழாய் என்ற நிலையில் கிடைக்கக்கூடிய அளவீடுகளை மாதிரிக்கு எடுத்துக்கொள்வோம். α∞ = −4.00° என்று இருக்கட்டும்.

```
t (min)   αt (°)   αt − α∞   ln(αt − α∞)
 5        10.30    14.30     2.660
10         7.85    11.85     2.472
15         5.80     9.80     2.282
20         4.05     8.05     2.086
30         1.55     5.55     1.714
40        −0.20     3.80     1.335
60        −2.25     1.75     0.560

ln(αt − α∞) = ln(α0 − α∞) − k t
```

நேரத்தை கிடைமட்ட அச்சிலும் கடைசி நிரலைச் செங்குத்து அச்சிலும் குறித்தால் புள்ளிகள் ஒரு நேர்கோட்டில் இறங்கும். அதன் சாய்வு −0.0381. ஆக k = 0.0381 நிமிடம்⁻¹; நொடியில் சொன்னால் 6.4 × 10⁻⁴. அரை வாழ்காலம் 0.693 ÷ 0.0381, அதாவது 18.2 நிமிடம்.

இப்போது கோட்டைப் பின்னோக்கி நீட்டுங்கள். செங்குத்து அச்சை 2.854இல் வெட்டும், அதன் எதிர்மடக்கை 17.35. அதிலிருந்து தொடக்கச் சுழற்சி 13.35° என்று வருகிறது. தற்சுழற்சி எண்ணிலிருந்து கணக்கிட்டால் 66.5 × 2 × 0.1 = 13.3°. கலந்த நொடியில் யாராலும் அளக்க முடியாத எண்ணைக் கோடே சொல்லிவிட்டது. இந்த ஒப்பீடு ஒத்துவராவிட்டால், கரைசல் தயாரித்ததிலோ கடிகாரத்தைத் தொடங்கியதிலோ பிழை இருக்கிறது. கடிகாரப் பிழை கோட்டை இடவலமாக நகர்த்தும், சாய்வை மாற்றாது.

α∞ தவறியதை எப்படி அறிவது? நீர்த்தொட்டியில் வைக்காமல், இரண்டு மணி நேரம் கழித்து வாசித்த −3.80°ஐ முடிவு என்று எடுத்துக்கொண்டதாக வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 0.2 பாகைதான். ஆனால் அந்த எண்ணைப் போட்டுப் பார்த்தால், 5 முதல் 20 நிமிடம்வரை சாய்வு 0.039 ஆகவும், 40 முதல் 60 நிமிடம்வரை 0.042 ஆகவும் வருகிறது. கோட்டின் வால் கீழே வளைகிறது. காரணம் எளிது: முதல் புள்ளியில் 14இல் 0.2 குறைகிறது, கடைசிப் புள்ளியில் 1.75இல் அதே 0.2 குறைகிறது. வால் மேல்நோக்கி வளைந்தால், நீங்கள் எடுத்த α∞ அளவுக்கு மீறி எதிர்ப்பக்கம் போய்விட்டது என்று பொருள். வளைந்த கோட்டின் நடுவே அளவுகோலை வைத்து ஒரு நேர்கோட்டை இழுத்துவிடாதீர்கள்.

α∞ கெட்டுவிட்டால் சோதனையே வீண் என்பதில்லை. 1926இல் குகன்ஹைம் ஒரு வழி சொன்னார். சம இடைவெளியில் உள்ள இரு அளவீடுகளை ஒன்றிலிருந்து ஒன்று கழித்தால் α∞ தானே மறைந்துவிடும். நம் அட்டவணையில் 30 நிமிட இடைவெளி எடுப்போம். 10ஆம், 40ஆம் நிமிடங்களின் வேறுபாடு 8.05; 30ஆம், 60ஆம் நிமிடங்களின் வேறுபாடு 3.80.

```
ln 8.05 = 2.086
ln 3.80 = 1.335
k = (2.086 − 1.335) / 20 = 0.0375 min⁻¹
```

இரண்டே இணைகளிலிருந்து வந்த எண், முன்பு கண்டதற்கு இரண்டு சதவீதத்துக்குள் நிற்கிறது. முறையாகச் செய்யும்போது இடைவெளி இரண்டு மூன்று அரை வாழ்காலங்கள் இருக்க வேண்டும். இணைகளும் ஏழெட்டாவது வேண்டும். அதற்கு முதல் இருபது நிமிடத்தில் அடிக்கடி அளந்து, நாற்பத்தைந்து நிமிடம் கழித்து அதே ஒழுங்கில் மீண்டும் அளக்கத் திட்டமிட்டுக்கொள்ளுங்கள்.

குறிப்பேட்டில் k = 0.038 நிமிடம்⁻¹ என்று மட்டும் எழுதி மூடிவிடாதீர்கள். பக்கத்திலேயே 25 பாகை, 2 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்று எழுதுங்கள். 1 மோலார் அமிலத்தில் செய்தவருக்கு உங்கள் மாறிலியின் பாதிகூட வராது; இருவர் அளவீடும் சரியாகத்தான் இருக்கும். எழுதி முடித்ததும் குழாயை உடனே நீரால் பலமுறை கழுவுங்கள். உலோக மூடியின் மரையில் தங்கும் அமிலம் ஒரே இரவில் அதை அரிக்கத் தொடங்கிவிடும்.