உருண்டைத் தடிக்குக் கன அடி போடுவது எப்படி?

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு தச்சுப் பட்டறை. வேலை பழக வந்த பையனை ஆசாரி மரக்கடைக்குக் கூட்டிப் போனார். அங்கே தேக்குத் தடி ஒன்று கிடந்தது. நீளம் 9 அடி, அடிப்பக்கம் பருத்து நுனிப்பக்கம் சிறுத்த மரம். கடைக்காரர் சொல்லும் கன அடியை நம்பி அவர் பணம் கொடுப்பதில்லை. தானே அளப்பார், இந்தத் தடவை பையனை அளக்கச் சொன்னார். பட்டறையில் சேர்ந்த எவருக்கும் இந்தக் கணக்கு வேண்டும் என்பதால் அவர் சொல்லிக்கொடுத்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில் சுற்றளவு. பையன் கயிற்றைத் தூக்கிக்கொண்டு நேராக அடிப்பக்கம் போனான்.

"எலே, அங்க இல்ல. நீளத்தை அளந்து, நட்டநடுவுல சாக்பீஸால குறி போடு. அந்த இடத்துல சுத்து."

நாலரை அடியில் குறி போட்டு, இழுத்தால் நீளாத கயிற்றைச் சுற்றிப் பிடித்தான். 44 அங்குலம் வந்தது. அந்தக் கயிற்றை இரண்டாக மடித்து, மறுபடி இரண்டாக மடிக்கச் சொன்னார். இப்போது 11 அங்குலம். இதுதான் கால் சுற்றளவு. கணக்கு முழுக்க இந்த ஒரு எண்ணின் மேல்தான் நிற்கிறது.

```
கன அடி = கால் சுற்றளவு (அங்குலம்) × கால் சுற்றளவு (அங்குலம்) × நீளம் (அடி) ÷ 144
       = 11 × 11 × 9 ÷ 144
       = 7.56
```

144 எதற்கு? ஒரு சதுர அடியில் 144 சதுர அங்குலம். சுற்றளவை அங்குலத்திலும் நீளத்தை அடியிலும் வைத்திருப்பதால் ஒரு தடவை 144-ஆல் வகுத்தால் போதும். நீளத்தையும் அங்குலமாக்கிவிட்டு 144-ஆல் வகுத்தால் விடை 12 மடங்காகிவிடும். இந்தத் தடிக்கு 90 கன அடி என்று வந்தால் அலகு கலந்துவிட்டது என்று உடனே தெரிந்துகொள்ளலாம்.

நடுவில் ஏன் அளக்க வேண்டும் என்பதைப் பையனுக்குக் காட்ட, அடிப்பக்கமும் சுற்றச் சொன்னார். அங்கே 52 அங்குலம், கால் பங்கு 13. அதை வைத்துப் போட்டால் 10.56 கன அடி. அதே மரத்துக்கு மூன்று கன அடிக் காசு கூடப் போயிருக்கும். நுனியில் அளந்தால் விற்பவருக்கு நட்டம். நடுவில் அளப்பதுதான் இருவருக்கும் நியாயம்.

பட்டை இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். இந்தத் தடி பட்டை உரித்தது. அரை அங்குலக் கனத்துக்குப் பட்டை இருந்து, அதோடு சேர்த்து 44 வந்திருந்தால், உள்ளே மரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 41 தான். கன அடி 6.57-க்கு இறங்கிவிடும். அதனால் நடுக்குறியில் ஒரு வளையம் மட்டும் பட்டையைச் செதுக்கிவிட்டு அளப்பது நல்லது.

இனி நான் முக்கியம் என்று நினைக்கும் இடம். பையன் ஒரு கேள்வி கேட்டான்: "அண்ணாச்சி, மரம் உருண்டையால்ல இருக்கு? பள்ளிக்கூடத்துல வட்டத்துக்கு வேற கணக்குல்லா சொன்னாங்க?"

சரியான கேள்வி. வட்டக் கணக்குப்படி இந்தத் தடியில் 9.63 கன அடி மரம் இருக்கிறது. கால் சுற்றளவுக் கணக்கு அதில் நூற்றுக்கு 78.5 பங்கைத்தான் காட்டும். அறுக்கும்போது நான்கு புறமும் கழியும் மரத்துக்கு இந்தத் தள்ளுபடி ஓரளவு ஈடு. முழுக்க ஈடு இல்லை. அதை விளக்க ஆசாரி நுனிப்பக்கம் கூட்டிப் போனார். அங்கே சுற்றளவு 36, குறுக்களவு பதினொன்றரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. அந்த வட்டத்துக்குள் அடங்கும் சதுரம் 8 அங்குலம். தடி முழு நீளத்துக்கும் ஒரே கனமாகக் கிடைக்கும் சதுரக்கட்டை அவ்வளவுதான்.

"8 × 8 × 9 ÷ 144. எவ்வளவுடே?"

"4 கன அடி, அண்ணாச்சி."

பணம் கொடுப்பது 7.56-க்கு, நேரான சதுரமாகக் கையில் வருவது 4. மீதியில் சட்டம், ரீப்பர் போன்ற சின்ன உருப்படிகள் கொஞ்சம் தேறும். மற்றதெல்லாம் வெளிப்பலகையும் அறுப்புத் தூளும். அறுத்த மரத்துக்குக் கன அடி விலை கூடுதலாக இருப்பதன் காரணம் இதுதான். தடியாக வாங்குவதா, அறுத்ததை வாங்குவதா என்று முடிவெடுக்கும் முன் இந்த 4-ஐயும் தேறும் சின்ன உருப்படிகளையும் வைத்து, அறுப்புக்கூலியும் சேர்த்து ஒப்பிட வேண்டும்.

அறுத்த மரத்துக்குக் கணக்கு எளிது. அகலமும் கனமும் அங்குலத்தில், நீளம் அடியில், பெருக்கி 144-ஆல் வகுக்க வேண்டும். ஒரு வாசல் நிலைக்கு 5 × 3 கட்டையில் ஏழடிக் கால் இரண்டு, நான்கடியில் மேல்படி ஒன்று, கீழ்ப்படி ஒன்று என்றால் மொத்தம் 22 அடி. 5 × 3 × 22 ÷ 144 = 2.29 கன அடி. இழைத்த பிறகு 5 × 3 நிற்க வேண்டுமென்றால், ஐந்தேகாலுக்கு மூன்றேகால் என்று அறுக்கச் சொல்ல வேண்டும். அப்போது 2.6 கன அடி ஆகும். விலை பேசும்போது 2.6-ஐத்தான் சொல்ல வேண்டும்.